அறுபதுக்கு ஐந்து: நூலக வாசலை நாமே அளப்பது எப்படி

"வியாசர்பாடியில் இருக்கிறோம். பக்கவாதம் வந்த பிறகு அப்பா சக்கர நாற்காலியில்தான். பக்கத்து நூலகத்துக்கு அவரை அழைத்துப் போக முடியவில்லை. கேட்டால் 'ராம்ப் இருக்கே சார்' என்கிறார்கள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு செக்லிஸ்ட், போட்டோ எல்லாம் வைத்து நாங்களே ஆய்வு செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எதை அளப்பது, எப்படிப் படம் எடுப்பது, யாரிடம் கொடுப்பது?"

உங்களுக்குக் கிடைத்த அந்தப் பதிலில் இருந்தே தொடங்குகிறேன். 'ராம்ப் இருக்கே' என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. கட்டடத்தில் சாய்வாக ஏதோ ஒன்று சிமென்ட்டில் பூசியிருப்பார்கள். "சாய்தளம் உள்ளதா? ஆம் / இல்லை" என்று கேட்கும் செக்லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு போனால் நீங்களும் 'ஆம்' என்றுதான் டிக் அடிக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு உங்கள் அறிக்கையும் அவர்கள் பக்கச் சாட்சிதான். அதனால் ஆம்/இல்லை கட்டங்களை முதலில் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒரு எண்ணாக இருக்கட்டும். அந்த எண் தெரிகிற மாதிரி ஒரு படம் இருக்கட்டும். இந்த இரண்டும் இருந்தால் நாலு பேர் செய்த ஆய்வை யாரும் சுலபமாக ஒதுக்க முடியாது.

நான் டிப்ளமோ சிவில் படித்து இருபது வருஷத்துக்கு மேல் கட்டட மேற்பார்வையில் இருக்கிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் நண்பர்களோடு சேர்ந்து இந்த மாதிரி ஆய்வுகள் சிலவற்றைச் செய்திருக்கிறோம். அதில் ஒரு நூலகக் கிளையின் கதையை முழுசாகச் சொல்கிறேன். எந்தக் கிளை என்பது வேண்டாம். உங்களுடையதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

முதலில் எங்கிருந்து அளக்க ஆரம்பிப்பது என்று பார்ப்போம். எல்லோரும் கட்டடத்தின் படிக்கட்டில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் தெருவில் ஆரம்பியுங்கள். அப்பா ஆட்டோவில் இருந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அன்றைய பேப்பரைக் கையில் எடுத்து மேசையில் விரிக்கும் வரை, நடுவில் ஒரு தடவை கழிப்பறைக்குப் போய், திரும்பத் தெருவுக்கு வரும் வரை என்னென்ன குறுக்கே வருகிறது என்று வரிசையாக எழுதுங்கள். அந்த வரிசைதான் உங்கள் செக்லிஸ்ட். கட்டடத்துக்குள் நூறு விஷயம் சரியாக இருந்தாலும் நடுவில் ஓரிடத்தில் வழி அறுந்தால் அதற்கு அப்புறம் இருப்பது எதுவும் அவருக்குப் பயன்படாது.

எங்கள் நூலகத்தில் முதல் தடையே கட்டடத்துக்கு வெளியே இருந்தது. தெருவை ஒட்டி மழைநீர் வடிகால். அதன் மேல் மூடி, தெருவிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் நின்றது. அதைத் தாண்டினால்தான் கேட். வடிகால் மேல் ஏற ஒரு சரிவும் இல்லை. உள்ளே சாய்தளம் இருந்தும், அதன் அடியைத் தொடவே இன்னொருவர் நாற்காலியைத் தூக்க வேண்டும். வடசென்னைத் தெருக்களில் இதை எங்கும் பார்க்கலாம். வடிகால் ஒரு வேலையாக, ஒரு மட்டத்தில் கட்டப்படுகிறது. ரோடு வேறொரு வேலையாக, வேறொரு மட்டத்தில் போடப்படுகிறது. கட்டடமோ வெள்ளத்துக்குப் பயந்து பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டியது. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் நாற்காலி நிற்கிறது. இதைத் தனியாகக் குறித்துவையுங்கள். யாருக்கு மனு எழுதுவது என்று வரும்போது இது முக்கியம்.

அடுத்தது சாய்தளம். ஆய்வின் பாதி நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளின்படி சாய்தளத்தின் சரிவு 1:12க்கு மேல் போகக்கூடாது. அதாவது ஒரு அடி ஏற வேண்டுமானால் தரையில் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அகலம் குறைந்தது 120 செ.மீ. இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனாரிடம் இருக்கும் இரண்டடி ரசமட்டம் ஒன்று, ஒரு இரும்பு டேப், அவ்வளவுதான். ரசமட்டத்தின் நீளம் 60 செ.மீ. அதன் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேல்பக்கம் தரையில் வைத்து, கீழ்ப்பக்க முனையைத் தூக்கி, குமிழி நடுவில் நிற்கும் வரை பிடியுங்கள். இப்போது தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். 5 செ.மீ. இருந்தால் சரியாக 1:12. அதற்குக் கூடினால் செங்குத்து. அறுபதுக்கு ஐந்து என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கால்குலேட்டரே வேண்டாம்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் வைத்து அளந்துவிட்டு வராதீர்கள். சாய்தளம் எல்லா இடத்திலும் ஒரே சரிவாக இருப்பதில்லை. இடம் போதாமல் கட்டும்போது மேல்முனையில் வந்து சேர்வதற்காகக் கடைசி இரண்டடியைச் செங்குத்தாக்கிவிடுவார்கள். எங்கள் நூலகத்தில் அடியில் 10 செ.மீ., நடுவில் 12, மேல்முனையில் 14 வந்தது. 10 என்றால் 1:6. 14 என்றால் 1:4க்கும் 1:5க்கும் இடையில். நாற்காலியில் இருப்பவர் ஏறி ஏறிக் களைத்த பிறகு, மிகக் கடினமான பகுதி கடைசியில் வருகிறது.

அன்றைக்கு எங்களோடு வந்த நண்பர் சின்ன வயதில் போலியோ வந்தவர், சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவார். "நானே ஏறிப் பார்க்கிறேன் அண்ணே" என்றார். பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டோம். நடுப்பகுதி வரை வந்துவிட்டார். மேல்முனைக்கு வந்ததும் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. நாற்காலி பின்னால் மல்லாந்து என் வயிற்றில் வந்து முட்டியது. அவர் இரண்டு கையையும் சக்கரத்திலிருந்து எடுக்கவில்லை, அதனால் கையும் உரசிக்கொண்டது. நாங்கள் பின்னால் நிற்காமல் இருந்திருந்தால் தலையில் அடி. அந்த நாளுக்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: எண் 8 செ.மீ.க்கு மேல் போனால் யாரையும் ஏற்றிப் பார்ப்பதில்லை. உங்கள் அப்பாவை வைத்துச் சோதிக்கவே வேண்டாம். எண்ணே போதும்.

எடுத்த அளவு சரிதானா என்று எப்படித் தெரியும்? இரண்டு சோதனை. முதலாவது ரசமட்டத்துக்கு. அதை ஒரு மேசையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி வேறு பக்கம் போனால் ரசமட்டம் கெட்டுப்போனது, வேறு வாங்குங்கள். இரண்டாவது சோதனை, மொத்த ஏற்றத்தையும் மொத்த நீளத்தையும் தனியாக அளப்பது. இதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் நல்லது. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை மேல் திண்ணையிலும் இன்னொரு முனையைச் சாய்தளத்தின் அடியிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு முனையிலும் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து, பெரியதில் சிறியதைக் கழித்தால் ஏற்றம். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு தப்பிவிடும், அதனால் நிரப்பியதும் குழாயை ஒரு முறை முழுக்கப் பாருங்கள். எங்களுக்கு ஏற்றம் 52 செ.மீ., தரையோடு அளந்த நீளம் 260 செ.மீ. வகுத்தால் 1:5. ரசமட்டத்தில் எடுத்த மூன்று அளவின் சராசரியும் 12, அதுவும் 1:5. இரண்டும் ஒத்துப்போனதால் தைரியமாக எழுதினோம்.

மொபைலில் கோணம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அதில் 1:12 என்பது கிட்டத்தட்ட 4.8 டிகிரி. ஆனால் மொபைலின் பின்பக்கம் கேமரா புடைத்துக்கொண்டிருக்கும், அதோடு அப்படியே தரையில் வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி தப்பாகக் காட்டும். அவசரத்துக்கு மட்டும் என்றால், ஒரு நேரான மட்டப்பலகையைத் தரையில் வைத்து, அதன் மேல் மொபைலைப் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். மனுவில் எழுத ரசமட்டத்து எண்தான் நல்லது, ஏனென்றால் அதைப் படத்தில் காட்டலாம்.

சாய்தளம் ஏறி முடிந்ததும் மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். நாற்காலி சமதரையில் நின்று, திரும்பி, கதவைத் திறக்க ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். எங்கள் நூலகத்தில் கதவுக்கு முன்னால் இருந்த திண்ணை 70 செ.மீ. ஆழம்தான், கதவும் வெளிப்பக்கம் திறந்தது. ஒரு சாதாரணச் சக்கர நாற்காலியே ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அப்படியானால் கதவைத் திறக்கும்போது அதன் பின்சக்கரம் சரிவில் நிற்கிறது. ஒரு கையால் கதவை இழுத்து, இன்னொரு கையால் நாற்காலி பின்னால் உருளாமல் பிடிக்க வேண்டும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் பலவீனமாக இருப்பவரால் அது ஆகாது.

கதவின் அகலத்தை அளப்பதிலும் ஒரு தவறு நடக்கும். நிலைக்கு நிலை அளந்து 76 என்று எழுதுவார்கள். நாற்காலி போவது நிலைகளுக்கு நடுவில் முழுசாக அல்ல. கதவை 90 டிகிரி திறந்துவைத்தால் கதவின் கனமும் கீலும் கைப்பிடியும் கொஞ்சம் இடத்தைத் தின்னும். திறந்த கதவின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை அளக்க வேண்டும். அந்த நிகர அகலம் 90 செ.மீ. இருக்க வேண்டும். நம் ஊரில் கழிப்பறைக்கு வழக்கமாகப் போடும் இரண்டரை அடிக் கதவில் நிகரமாக 70 செ.மீ. கிடைத்தால் அதிகம். நாற்காலியே 65 செ.மீ. வாக்கில் இருக்கும், சக்கரத்தைத் தள்ளும் கை அதற்கும் வெளியே. விரல் முட்டி இரண்டு பக்கமும் உரசும்.

கழிப்பறை பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலகத்தில் கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலிப் படம் அழகாக ஒட்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவி வாங்கித் திறந்தால் உள்ளே பழைய பேப்பர் கட்டுகள் கூரை வரை. அவற்றை எடுத்த பிறகு அளந்தோம்: 120க்கு 150 செ.மீ. இருக்க வேண்டியது 200க்கு 220. கதவு உள்பக்கம் திறந்தது. வெறும் நாற்காலி ஒன்றை உள்ளே தள்ளி, கதவை மூடப் பார்த்தோம். மூடவில்லை, கதவு நாற்காலியின் கால்மிதியில் இடித்து நின்றது. அந்த ஒரு படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. உள்ளே போகிறவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்பதைப் பார்த்த எல்லோரும் புரிந்துகொண்டார்கள். கழிப்பறையில் இன்னும் அளக்க வேண்டியவை இரண்டுதான்: பீங்கானின் உட்காரும் உயரம் (45 முதல் 48 செ.மீ. வரை), அதன் ஒரு பக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்த இடம் (90 செ.மீ.). பிடித்து எழும் கம்பி இருந்தால் அதை நன்றாக இழுத்துப் பாருங்கள். டைல்ஸில் மட்டும் சொருகி ஒட்டிய கம்பிகள் ஒரு ஆள் கனத்துக்கே ஆடும்.

பார்வையற்ற ஒருவரையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் அளவுநாடாவோடு தரையையே பார்த்துக்கொண்டிருப்போம், அவருக்கு வேறு தெரியும். எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர் வெள்ளைக்கோலோடு நடந்தபோது, வாசிப்பறை ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறந்து நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. கோல் கீழே தடவிக்கொண்டே போனது, எதுவும் தட்டவில்லை. நெற்றிக்கு ஒரு ஜான் தூரத்தில் பிடித்து நிறுத்தினோம். எங்கள் பட்டியலில் அந்த ஜன்னலே இல்லை. தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது எதையும் கோல் காட்டாது, அதனால் இடுப்புக்கு மேல் ஒரு தடவை தனியாகப் பார்த்துக்கொண்டு நடங்கள்.

சரி, படங்கள். ஒவ்வொரு தடைக்கும் மூன்று படம் எடுங்கள். ஒன்று தூரத்திலிருந்து, அது கட்டடத்தின் எந்த இடம் என்று தெரிய. இரண்டாவது முழுத் தடையும் தெரிய. மூன்றாவது டேப்பின் எண் படிக்கும்படி கிட்டத்தில். ஒரு சின்னக் காகிதத்தில் 4 என்று பெரிதாக எழுதி மூன்று படத்திலும் தெரியும்படி வையுங்கள், செக்லிஸ்ட்டில் அது நான்காவது வரி. வீட்டுக்கு வந்து எண்பது படத்தை வைத்துக்கொண்டு எது எங்கே என்று தேடி நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த பிறகு கற்றுக்கொண்டது இது.

சாய்தளத்தைப் படமெடுக்கும்போது பக்கவாட்டில் உட்கார்ந்து, மொபைலைச் சாய்தளத்தின் உயரத்துக்கே இறக்கி எடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் எந்தச் சரிவும் தட்டையாகத் தெரியும். அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்து 'நன்றாகத்தானே இருக்கிறது' என்பார். கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, கட்டடத்தின் சுவர் அந்தக் கோட்டோடு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். மொபைல் சாய்ந்திருந்தால் சரிவு கூடியோ குறைந்தோ தெரியும். 0.5 என்று காட்டும் அகலக் கேமராவை வேண்டாம், ஓரங்களை வளைத்துவிடும். ரசமட்டத்துப் படத்தில் குமிழியும் டேப் எண்ணும் ஒரே படத்தில் தெளிவாக வராது. இரண்டு படமாக எடுத்து இரண்டுக்கும் ஒரே வரிசை எண்ணைக் கொடுங்கள்.

தேதியும் இடமும் படத்திலேயே அச்சாகும் ஜிபிஎஸ் கேமரா செயலிகளைப் பல வேலையிடங்களில் பயன்படுத்துகிறார்கள், நீங்களும் அதில் ஒரு தொகுப்பு எடுங்கள். மூலப் படங்களைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி டேப் எண் மங்கிவிடும், எப்போது எடுத்தது என்ற உள்விவரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். உள்ளே நுழைந்ததும் நூலகரிடம் வந்த காரணத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். வாசகர்கள் முகம் படத்தில் வர வேண்டாம். பெரும்பாலும் நூலகரும் உங்கள் பக்கம்தான் இருப்பார். எங்களுக்குச் சாவியும் கொடுத்து, பேப்பர் கட்டுகளை எடுக்கவும் கூட வந்தார். அறிக்கையில் அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். சாய்தளத்தை அவர் கட்டவில்லை.

செக்லிஸ்ட்டில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்:

4. சாய்தளம், மேல்முனை: 60 செ.மீ.க்கு 14 செ.மீ. இறக்கம். இருக்க வேண்டியது 5 செ.மீ.க்குள். படம் 4அ, 4ஆ, 4இ, 4ஈ. அளந்தவர்கள் இருவர், காலை 10.40.

'மிக மோசம்', 'மனிதாபிமானமற்ற' போன்ற சொற்களை உள்ளே விடாதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் பொறியாளர் படிக்கும்போது அவர் கண் எண்ணில் நிற்க வேண்டும்.

எப்போது போவது? ஒரு வேலைநாள் காலையில், கூட்டம் இருக்கும்போது. மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை. வியாசர்பாடியில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாய்தளத்தின் அடி தண்ணீருக்குள் இருந்தால் அது எத்தனை செ.மீ. என்று அதையும் அளந்துவிடுங்கள்.

இந்த மாதிரி ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. தரை ஈரத்தில் எவ்வளவு வழுக்கும், வெளிச்சம் போதுமா, கைப்பிடிச் சுவர் எவ்வளவு கனம் தாங்கும் என்பதையெல்லாம் டேப்பால் சொல்ல முடியாது. அவற்றைப் பற்றிக் கண்டதை மட்டும் எழுதி, துறை சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். எண் இல்லாத இடத்தில் எண் போட்டால், சரியாக அளந்த மற்ற பத்தையும் சந்தேகப்படுவார்கள்.

இனி யாரிடம் கொடுப்பது. கட்டடம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நூலகத்தை நடத்துவது பொது நூலகத் துறை, ஆனால் கட்டடம் மாநகராட்சியுடையதாக இருக்கலாம், வாடகைக் கட்டடமாகக்கூட இருக்கலாம். நூலகரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள்: கட்டடம் யார் பெயரில், எந்த ஆண்டு கட்டியது, சாய்தளம் எந்த ஆண்டு எந்த மதிப்பீட்டில் கட்டப்பட்டது, அதன் வரைபட நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வரைபடம் கிடைத்தால் சில நேரம் அதில் 1:12 என்றே போட்டிருக்கும். கட்டியது 1:5 என்று உங்கள் படம் காட்டும்போது பேச்சே மாறிவிடும்.

மனுவை இரண்டாகப் பிரியுங்கள். வடிகால் மூடி மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு, மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசிப் புகார் எண்ணிலும் ஒரு புகார் பதிந்து, அதன் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் இருப்பது நூலகத் துறைக்கும் கட்டட உரிமையாளருக்கும். ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டி, மனு அலைந்துகொண்டே இருக்கும். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் நாலு மாதம் இழந்தோம்.

சட்டத்தைக் குறிப்பிடும்போது கவனம் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன் 15. அந்தக் கணக்கில் கெடு 2022இலேயே முடிந்தது. ஆனால் கையில் சுற்றும் பழைய மாதிரி மனுக்களில் '15(1)ஆம் விதியின்படி' என்று இருக்கும். அந்த விதி கட்டாயப்படுத்தாமல் பரிந்துரை மாதிரி இருக்கிறது, சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அதை ரத்து செய்து, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. அதனால் பிரிவு 45ஐயும் அந்தத் தீர்ப்பையும் எழுதுங்கள், அளவுகளுக்கு 2021 வழிகாட்டி நெறிகளைக் காட்டுங்கள். பதில் வரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அதே அறிக்கையைக் கொடுக்கலாம். அவர் விசாரித்துப் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 81ஆம் பிரிவு சொல்கிறது.

மனுவில் வரிசையை இப்படி வைத்தோம்: காசில்லாமல் நாளைக்கே முடிவது முன்னால். கழிப்பறையைக் காலி செய்வது, சாவியை வாசலிலேயே மாட்டுவது, ஜன்னலுக்குக் கொக்கி. இவை ஒரு வாரத்தில் நடந்தன. சாய்தளத்துக்கு மட்டும் 'இடம் இல்லை' என்று பதில் வந்தது. வாசலிலிருந்து கேட் வரை 340 செ.மீ.தான், உண்மையிலேயே நேராக இறக்க இடமில்லை. 52 செ.மீ. ஏற்றத்துக்கு 624 செ.மீ. நீளம் வேண்டும். ஆனால் கதவு முன்சுவரின் இடது ஓரத்தில் இருந்தது, முன்சுவரின் நீளம் 950. கதவுக்கு முன் 150, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் 624, அடியில் நாற்காலி திரும்ப 150. கூட்டினால் 924. இடம் இருந்தது. அந்த இடத்தில் பைக்குகள் நின்றுகொண்டிருந்தன. ஒரு தாளில் இந்த மூன்று எண்ணோடு கோடு போட்டு, பைக் வரிசையின் படத்தையும் வைத்து இரண்டாவது மனுவாகக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் பொறியாளர் நேரில் வந்தார், எங்கள் ரசமட்டத்தையே வாங்கி ஒரு தடவை வைத்துப் பார்த்தார்.

வேலைக்கு உத்தரவு வந்ததும் ஆய்வு முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தக்காரர் புதுச் சரிவைக் குறிக்க முளையடித்து நூல் கட்டுகிற நாள் எது என்று நூலகரிடம் கேட்டுவைத்துக்கொண்டு அன்றைக்குப் போங்கள். எங்கள் இடத்தில் நூலை 1:8க்குக் கட்டியிருந்தார்கள். 'பழையதைவிட எவ்வளவோ நல்லா இருக்கே' என்றார் மேஸ்திரி. ரசமட்டத்தை நூலோடு பிடித்துக் காட்டினோம், அறுபதுக்கு ஏழரை வந்தது. சுவரில் சாக்பீஸால் 624ஐக் குறித்தோம். அவரே முளையைப் பிடுங்கி அந்தக் கோட்டில் அடித்தார். கான்கிரீட் மறுநாள் போட்டார்கள்.